வெள்ளத்தில் போன உரம், விற்ற விதை: எவ்வளவு ஐ.டி.சி.யைத் திருப்ப வேண்டும்?

"ஐயா, விழுப்புரம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். உரம், பூச்சிமருந்து, விதை மூன்றும் விற்கிறோம். 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் குடோனுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த வருடக் கணக்கில் சரக்குச் சேதம் என்று 7,40,000 ரூபாய் எழுதினோம். இப்போது ரிட்டர்னில் முரண் இருக்கிறது என்று ASMT-10 நோட்டீஸ் வந்திருக்கிறது. சேதத்துக்கு 18 சதவீதம் போட்டு 1,33,200 ரூபாய், விதை விற்பனைக்காக 3,30,000 ரூபாய் ஐ.டி.சி.யை ரிவர்ஸ் செய்யச் சொல்கிறார்கள். சேதத்துக்கு ரிவர்ஸ் தேவையில்லை, சென்னை ஹைகோர்ட் தீர்ப்பே இருக்கிறது என்கிறார் கணக்குப்பிள்ளை. இன்சூரன்ஸ் பணம் வந்துவிட்டது. சேதப் பட்டியலும் வருடக் கணக்கும் இணைத்திருக்கிறேன். கட்டிவிடவா, எதிர்க்கவா?"

வணக்கம். இரண்டும்தான். கொஞ்சம் கட்ட வேண்டும், நிறைய எதிர்க்க வேண்டும். நோட்டீஸில் இருக்கும் இரண்டு தொகையும் தப்பு. ஆனால் ஒன்றுமே கட்ட வேண்டாம் என்பதும் தப்பு. கீழே வரவு என்று நான் சொல்வதெல்லாம் ஐ.டி.சி.தான், அதாவது சரக்கு வாங்கும்போது பில்லில் கட்டி, பிறகு நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை.

முதலில் கணக்குப்பிள்ளை சொன்ன தீர்ப்பை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதை நம்பி பதில் எழுதினால் மொத்தமும் கெட்டுப்போகும். 2021இல் ஏ.ஆர்.எஸ். ஸ்டீல்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உற்பத்தியில் இயல்பாக நடக்கும் இழப்பைப் பற்றி. பத்து டன் இரும்பை உருக்கினால் பத்து டன் வெளியே வராது, குறைவது காணாமல்போன சரக்கு அல்ல, செய்முறையின் பகுதி, அதற்கு வரவைத் திருப்பத் தேவையில்லை என்பது அதன் சாரம். உங்கள் குடோனில் யாரும் எதையும் உருக்கவில்லை. வெள்ளம் வந்து மூட்டை கரைந்தால் அது சி.ஜி.எஸ்.டி. சட்டப் பிரிவு 17(5)இன் (எச்) உட்பிரிவில் நேராக உட்காரும்: தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து எழுதித் தள்ளிய, பரிசாகவோ இலவச மாதிரியாகவோ கொடுத்த சரக்குக்கு வரி வரவு கிடையாது. காரணம் இயற்கையா உங்கள் கவனக்குறைவா என்று அந்த உட்பிரிவு கேட்பதே இல்லை. இன்சூரன்ஸ் வந்ததா என்றும் கேட்பதில்லை. இழப்பீடு வந்ததால் வரவு தப்பிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, தப்பாது.

சரி, சேதத் தொகைக்கு வருவோம். அதிகாரி செய்தது என்னவென்றால், லாப நட்டக் கணக்கில் சரக்குச் சேதம் என்ற ஒரே வரியைப் பார்த்தார், அதற்கு எதிரே மாத ரிட்டர்னான GSTR-3Bயில் ரிவர்சல் பூஜ்யமாக இருந்தது, முழுத் தொகைக்கும் 18 சதவீதம் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் எங்கேயும் பிரித்துக் காட்டவில்லை. ஆனால் திருப்ப வேண்டியது சேதத் தொகையில் ஒரு சதவீதம் அல்ல. அந்தக் குறிப்பிட்ட சரக்கை வாங்கியபோது பில்லில் இருந்த வரி எவ்வளவோ, அதில் நீங்கள் வரவாக எடுத்தது எவ்வளவோ, அவ்வளவுதான். இது ஒன்று பிடிபட்டால் மிச்சம் தானாக வரும்.

உங்கள் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். கரைந்துபோன உரம் வாங்கிய விலை 4,00,000. உரத்துக்கு வரி 5 சதவீதம், ஆக எடுத்த வரவு 20,000. அடித்துக்கொண்டு போன, பாட்டில் உடைந்த பூச்சிமருந்து 1,50,000, வரி 18 சதவீதம், வரவு 27,000. இவை இரண்டும் சந்தேகமே இல்லாமல் திருப்ப வேண்டியவை. விதை 60,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது, விதைப்புக்கான விதைக்கு வரியே இல்லை, எடுக்காத வரவை எங்கிருந்து திருப்புவது? பூஜ்யம்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கம். 80,000 ரூபாய் பூச்சிமருந்துக்கு வெளி அட்டைப்பெட்டி மட்டும் நனைந்தது, உள்ளே பாட்டில் நன்றாக இருந்தது, அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டதாகவும் அதற்கு வரி போட்டு பில் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 40,000 நட்டமும் சேதக் கணக்கில்தான் கிடக்கிறது. இதற்கு ரிவர்சல் இல்லை. அந்தச் சரக்கு அழியவில்லை, எழுதித் தள்ளவும் படவில்லை, மதிப்புதான் குறைந்தது, கடைசியில் வரியோடு விற்கவும் பட்டது. ஜி.எஸ்.டி.க்கு முந்தைய கலால் வரிக் காலத்துச் சென்வாட் விதிகளில் ஓரளவு மதிப்பைக் குறைத்து எழுதினாலே வரவைத் திருப்பு என்று ஒரு விதி இருந்தது. ஜி.எஸ்.டி.யில் அப்படி ஒன்று இல்லை. அதிகாரிகளில் சிலருக்கு அந்தப் பழைய விதி இன்னும் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் பாதி விலைக்கு விற்ற பில்களின் நகலைக் கட்டாயம் வையுங்கள். பில்லில் தொகுப்பு எண் இருந்தால் இன்னும் நல்லது.

மிச்சமிருக்கும் 90,000 எனக்கு எரிச்சல் தந்த ஒன்று. காலாவதியான பூச்சிமருந்து, கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று குடோனில் தனியாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள், ஆனால் 2025 மார்ச் 31 அன்று வெள்ளச் சேதத்தோடு சேர்த்து அதையும் எழுதித் தள்ளிவிட்டார்கள். சரக்கு கண்ணெதிரே இருந்தாலும், புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டால் (எச்) உட்பிரிவு வந்துவிடும், அதில் எழுதித் தள்ளியது என்ற சொல் தனியாகவே இருக்கிறது. ஆக 16,200 வரவு போனது. எழுதாமல் ஸ்டாக்கிலேயே வைத்திருந்து, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும்போது வாங்கிய பில் மதிப்பிலேயே வரியோடு பில் போட்டு அனுப்பியிருந்தால் உங்கள் கையில் ரிவர்சலே வந்திருக்காது. அழிக்கும்போது வரவைத் திருப்பும் வேலை கம்பெனியுடையதாகியிருக்கும். காலாவதியான மருந்துகளுக்காக 2018 அக்டோபரில் வந்த 72ஆம் எண் சுற்றறிக்கை இந்த வழியைத்தான் சொல்கிறது, வேறு காரணத்துக்காகத் திரும்பும் சரக்குக்கும் பொருந்தலாம் என்று அதிலேயே இருக்கிறது. இனிமேல் காலாவதிச் சரக்கைத் தனி ரேக், தனிப் பட்டியல், ஆனால் ஸ்டாக்குக்குள் என்று வையுங்கள்.

ஆக சேதத்துக்கு நீங்கள் திருப்ப வேண்டியது 20,000 + 27,000 + 16,200 = 63,200. நோட்டீஸுக்கும் இதற்கும் வித்தியாசம் சரியாக 70,000 ரூபாய். எல்லாம் தமிழ்நாட்டுக்குள் வாங்கியது என்றால் இதில் பாதி மத்திய வரி, பாதி மாநில வரி. வெளிமாநிலக் கம்பெனியிடமிருந்து நேரடியாக வந்த சரக்கு இருந்தால் அந்தப் பங்கு ஐ.ஜி.எஸ்.டி.யில் திரும்ப வேண்டும், பில்லைப் பார்த்துப் பிரியுங்கள். லாரி வாடகை மாதிரிச் சேவைகளுக்கு எடுத்த வரவை இதில் சேர்க்காதீர்கள், உட்பிரிவு பேசுவது சரக்கைப் பற்றி மட்டும்.

எந்த பில்லில் வந்த மூட்டை கரைந்தது என்று எப்படிச் சொல்வது என்று அதிகாரி கேட்பார். பூச்சிமருந்துக்குத் தொகுப்பு எண் இருப்பதால் பில்லோடு பொருத்திவிடலாம். உரத்தில் அது நடக்காது, முதலில் வந்தது முதலில் போனது என்ற கணக்கில், நவம்பர் கடைசி இருப்பிலிருந்து பின்னோக்கி வாங்கிய பில்களை எடுத்துக்கொள்ளுங்கள், அதையே எல்லா உரத்துக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். விதி 56(2) சொல்லும் ஸ்டாக் புத்தகத்தில் தொலைந்தது, அழிந்தது, எழுதித் தள்ளியது என்று தனியாகக் காட்ட வேண்டும். உர விற்பனை மெஷினில் இருக்கும் இருப்பும் இந்தப் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கையிலும் மூட்டை எண்ணிக்கை இருக்கும். மூன்று இடத்தில் மூன்று எண்ணிக்கை இருந்தால், சேதம் என்ற பெயரில் பில் இல்லாமல் விற்றுவிட்டீர்கள் என்ற வேறு கேள்வி கிளம்பும், அது இதைவிடப் பெரிய தலைவலி.

இப்போது வட்டி. 18 சதவீதம்தான், ஆனால் வரவைத் தவறாக வைத்திருந்ததற்கு அல்ல, அதைப் பயன்படுத்தியதற்கு. பிரிவு 50(3), விதி 88பி. போர்ட்டலில் வரவு இருப்பைக் காட்டும் எலக்ட்ரானிக் கிரெடிட் லெட்ஜரைத் திறந்து 2024 டிசம்பரிலிருந்து இருப்பு எவ்வளவு கீழே இறங்கியது என்று பாருங்கள். திருப்ப வேண்டிய தொகைக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் வட்டி இல்லை. உங்கள் லெட்ஜரில் 2025 பிப்ரவரி 20 அன்று ஜனவரி மாத ரிட்டர்ன் போட்டபோது இருப்பு 12,000க்கு இறங்கியிருக்கிறது. அன்றைக்குத் திருப்ப வேண்டியிருந்தது வெள்ளச் சேதத்தின் 47,000 மட்டும் (காலாவதிச் சரக்கை எழுதியது மார்ச்சில்தானே), ஆக 35,000 பயன்பட்டுவிட்டது. அதற்கு அன்றிலிருந்து வட்டி. 2026 பிப்ரவரி 20 அன்று கட்டினால் ஒரு முழு வருடம், 6,300 ரூபாய். அதன்பிறகு இருப்பு 30,000க்குக் கீழே வரவில்லை, மீதி திருப்ப வேண்டியது 28,200 மட்டுமே, அதனால் மேற்கொண்டு வட்டி இல்லை. சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், உங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி ஓடுவதால் நான் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் விதை. நோட்டீஸில் பெரிய தொகையே இதுதான், பெரிய தப்பும் இதில்தான் இருக்கிறது. வருட விற்பனை 3 கோடி, அதில் விதை 45 லட்சம், அதாவது 15 சதவீதம். அதிகாரி உங்கள் வருட ஐ.டி.சி. மொத்தம் 22 லட்சத்தையும் எடுத்து அதில் 15 சதவீதம், 3,30,000 என்று போட்டிருக்கிறார். விதி 42 அப்படிச் சொல்லவில்லை. வரியுள்ள சரக்குக்காக மட்டுமே வாங்கியதற்கான வரவை, அதாவது விற்பதற்காக வாங்கிய உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் உள்ள வரவை, முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். யூரியா மூட்டைக்குக் கட்டிய வரிக்கும் நெல் விதை விற்பனைக்கும் என்ன சம்பந்தம்? விதைக்கு மட்டுமே ஆன செலவின் வரவு இருந்தால் அதை முழுசாக விட்டுவிட வேண்டும், உங்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. பிரிவு 17(5)இல் தடுக்கப்பட்டதும் தனியே போய்விடும். எல்லாம் போக, எதற்கு என்று பிரிக்க முடியாத பொதுச் செலவின் வரவுதான் மிஞ்சும். விதியில் அதற்குப் பெயர் C2.

```
D1 = (E ÷ F) × C2
```

E வரி இல்லாத விற்பனை, F மொத்த விற்பனை, D1 திருப்ப வேண்டியது. உங்கள் பொதுச் செலவு கடை வாடகை மாதம் 35,000, அதில் வரி 6,300. கணக்கு எழுதும் கட்டணம் 10,000, வரி 1,800. மாதம் 8,100, வருடத்துக்கு 97,200. அதில் 15 சதவீதம் 14,580. மூன்று லட்சத்து முப்பதாயிரம் எங்கே, பதினாலாயிரத்துச் சொச்சம் எங்கே. ஆனால் இந்தப் பதினாலாயிரத்தை நீங்கள் இத்தனை மாதமும் திருப்பியிருக்க வேண்டும், அதில் பேச்சில்லை.

E, F இரண்டிலும் வெள்ளத்தில் போன சரக்கைச் சேர்க்காதீர்கள். அது விற்பனையே இல்லை. 60,000 ரூபாய் விதை போனது E ஆகாது, இன்சூரன்ஸ் பணம் F ஆகாது. சிலர் வங்கி டெபாசிட் வட்டியையும் வரியில்லா வருமானம் என்று E பக்கம் போட்டுவிடுவார்கள், வங்கி, நிதி நிறுவனம் நடத்தாத உங்களுக்கு அதுவும் சேராது. F எடுக்கும்போது வரித் தொகையைச் சேர்க்காத விற்பனை மதிப்பை எடுங்கள்.

மாதாமாதம் போட்டாலும் வருடக் கடைசியில் மறுபடி ஒருமுறை போட வேண்டும் என்று விதி சொல்வதற்கு உங்கள் கடையே நல்ல உதாரணம். ஆடிப் பட்டத்தில் விதை மட்டும் விற்பனையில் முப்பது சதவீதம் தொடும், பங்குனியில் ஒன்றுமே இருக்காது. மாதச் சதவீதங்களில் திருப்பியதன் கூட்டலும் வருடச் சதவீதத்தில் வருவதும் ஒத்துப்போகாது. குறைவாகத் திருப்பியிருந்தால் வித்தியாசத்தை அடுத்த நிதியாண்டின் ஏப்ரல் 1 முதல் 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டும். கூடுதலாகத் திருப்பியிருந்தால் அடுத்த செப்டம்பர் ரிட்டர்னுக்குள் எடுத்துக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் போனது போனதுதான். நீங்கள் எதுவுமே திருப்பாததால் 14,580 முழுசும் குறைவு. 2025 ஏப்ரல் 1 முதல் 2026 பிப்ரவரி 20 வரை வட்டி சுமார் 2,350 வரும். மாதவாரியாக வட்டி போட வேண்டும் என்று அதிகாரி சொன்னால் ஆயிரத்துச் சொச்சம் கூடலாம், அதற்காகச் சண்டை போட வேண்டாம் என்பது என் யோசனை. சண்டையை 3,30,000க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் கூட்டினால் வரவு 77,780, வட்டி சுமார் 8,650. இதை, தானாக முன்வந்து கட்டுவதற்கான DRC-03 படிவம் மூலம் கட்டிவிடுங்கள், வரவுத் தொகையை கிரெடிட் லெட்ஜரிலிருந்தே கழிக்கலாம், வட்டி மட்டும் பணமாக. அதன் ஏ.ஆர்.என். எண்ணை எழுதி, பதில் படிவமான ASMT-11இல் பதில் போடுங்கள். ASMT-10 கையில் கிடைத்த நாளிலிருந்து அதிகபட்சம் 30 நாள், நோட்டீஸில் அதைவிடக் குறைவாக நாள் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு, நேரம் போதாவிட்டால் கூடுதல் நாள் எழுதிக் கேளுங்கள். சும்மா விடாதீர்கள். 2024-25 முதல் பழைய 73, 74 பிரிவுகளுக்குப் பதிலாக 74ஏ வந்துவிட்டது. மோசடி இல்லாத கேஸில், அதன் கீழ் நோட்டீஸ் வருவதற்கு முன்பே வரியும் வட்டியும் கட்டினால் அபராதம் இல்லை, உங்களுக்கு வந்த ASMT-10 அந்த நோட்டீஸ் அல்ல. பதிலில் தீர்ப்பு, புயல், கஷ்டம் எதுவும் வேண்டாம். ஒரு அட்டவணை போதும்: 7,40,000 ரூபாயை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பில் எண், எடுத்த வரவு, திருப்பியது, திருப்பாததற்கு ஒரே வாக்கியத்தில் காரணம். அதன் கீழே 22 லட்சத்தைப் பிரித்து, எவ்வளவு உரம், எவ்வளவு பூச்சிமருந்து, எவ்வளவு பொதுச் செலவு என்று காட்டுங்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது அட்டவணையைப் பார்த்ததும் பெரும்பாலான அதிகாரிகள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

நடப்பு வருடத்துக்கும் விதைக் கணக்கு போடாமல்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த GSTR-3Bயிலேயே ஆரம்பித்துவிடுங்கள், விட்டுப்போன மாதங்களையும் சேர்த்து. எழுதும் இடம் 4(B)(1). கணக்குப்பிள்ளை கையை 4(B)(2) பக்கம் போக விடாதீர்கள், அது பின்னால் திரும்ப எடுக்கப்போகிற வரவுக்கான இடம். அங்கே போட்டால் திரும்ப எடுக்கலாம் என்று போர்ட்டல் அதை ஒரு தனி ஸ்டேட்மெண்டில் தூக்கி வைத்திருக்கும், ஒருநாள் யாராவது தெரியாமல் எடுத்துவிடுவார்கள், மறுபடி ஒரு ASMT-10 வரும்.

இன்சூரன்ஸ் ஃபைலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் வரவு எடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி சர்வேயர் வரியைக் கழித்துத்தான் நட்டத்தைப் போட்டிருப்பார். இப்போது 47,000 உங்கள் கையிலிருந்து போகிறது, அது உண்மையான நட்டம். முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் கஷ்டம், இல்லாவிட்டால் DRC-03 நகலை வைத்து எழுதிக் கேட்கலாம்.